ஜனவரி ஒன்றாம் தேதிக்காரி

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே நாளில்தான் பிறந்த நாள். ஜனவரி ஒன்று. மலையில் நான் படித்த அந்த அரசுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் 01.01, 01.01, 01.01 என்று வரிசையாக நிற்கும். வருஷம் மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும். கீழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த கணக்கு வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, புது வருசத்தன்னிக்குத்தான் புள்ள பெத்துக்கணும்னு உங்க ஊர்ல எதனா வேண்டுதலா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சுர்ரென்று ஏறியது. எழுந்து நின்று, “சார், நான் பொறந்தது ஆடிப் பதினெட்டு. எங்கம்மாவுக்கு நல்லாத் தெரியும். எழுதினவங்களுக்குத்தான் தெரியல” என்றேன். அன்று மத்தியானம் வரை முட்டி போட வைத்தார்.

நான் சொன்னது பொய்யில்லை. கரியாலூருக்கு அப்பால், பஸ் போகாத எங்கள் ஊரில், வீட்டில்தான் பிறந்தேன். ஆஸ்பத்திரியும் இல்லை, பதிவும் இல்லை. ஆனால் ஆடிப் பெருக்கன்று சாமிக்குப் பொங்கல் வைக்க அடுப்பு மூட்டும்போது அம்மாவுக்கு வலி எடுத்தது. பொங்கல் பொங்குவதற்குள் நான் வந்துவிட்டேன். அந்த நாளை அம்மா எப்படி மறப்பாள்? ஆனால் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனது அம்மா இல்லை, அப்பா.

அப்பா வனத்துறையில் வாச்சர். காக்கிச் சட்டை போட்ட மனுஷன், காட்டில் எந்த மரம் எங்கே நிற்கிறது என்று சொல்வார், பெற்ற பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்று கேட்டால் தலையைச் சொறிவார். வருஷம் மட்டும் அவருக்குப் பிசகாது. ஏனென்றால் அந்த வருஷம்தான் அவருக்கு வேலை நிரந்தரமானது. “அந்த வருசம்தான் சார், அது மட்டும் கன்ஃபார்ம்” என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறார். தலைமை ஆசிரியரும் வழக்கம்போல வருஷத்துக்கு முன்னால் 01.01 என்று போட்டு நிரப்பிவிட்டார். அவர் வேறென்ன செய்வார்? கட்டத்தைக் காலியாக விட முடியாதே. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டதற்கு, “தேதி எதுவா இருந்தா இன்னா, புள்ள இஸ்கூலுக்குப் போனா சரி” என்றாராம்.

பத்தாம் வகுப்பு வந்தபோது தலைமை ஆசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு, பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் சரிபார்க்கச் சொன்னார். “மாத்தறதுனா பரீட்சைக்கு முன்னாடி மாத்திக்கோங்க. பிறப்புச் சான்றிதழ் வேணும். பத்தாவது சர்ட்டிபிகேட்ல ஏறிட்டா அப்புறம் சாகற வரைக்கும் அதான்” என்றார். அவ்வளவுதான், அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். சங்கராபுரம் தாலுகா ஆபீசுக்குப் போய் எப்படி மனு போடுவது என்று கேட்டு வரச் சொல்லி உயிரை வாங்கினேன். இத்தனை வருஷம் கழித்துப் பிறப்பைப் பதிய வேண்டுமென்றால் விசாரணை, உத்தரவு என்று அலைய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். மார்கழியில் ஒரு நாள் நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

ஜனவரி ஒன்றாம் தேதி சாயங்காலம் அப்பா கரியாலூர் கடையிலிருந்து ஒரு கிரீம் பன் வாங்கி வந்தார். பனியில் நனைந்த மப்ளரைக்கூட அவிழ்க்காமல் அதை என் கையில் கொடுத்தார்.

“இந்தா, ஹேப்பி பர்த்டே.”

“ஒண்ணும் வாணாம். இன்னிக்கு ஒண்ணும் நான் பொறக்கல.”

“சர்க்காரு சொல்லுதே! சர்க்காரு பொய்யி சொல்லுமா? பொங்கல் கழியட்டும் பாப்பா, கண்டிப்பா சங்கராபுரம் போயி மாத்திடலாம். அதுவரைக்கும் இத வெச்சிக்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னைத் தம்பிக்குப் பாதி பிய்த்துக் கொடுத்துவிட்டுத் தின்றேன். மூன்றாம் தேதி விடியற்காலையில், ரோந்துக்குப் போன இடத்தில், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கீழே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பொங்கல் வந்தது, போனது. சங்கராபுரம் போவதைப் பற்றி நான் அப்புறம் வாயே திறக்கவில்லை. அதே ஜனவரி ஒன்றோடு பத்தாவது எழுதி, அதே ஜனவரி ஒன்று அச்சடித்த மதிப்பெண் சான்றிதழை வாங்கி வந்தேன்.

அப்பா பணியில் இருக்கும்போது இறந்ததால் குடும்பத்தில் ஒருவருக்கு வாரிசு வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். முதலில் அம்மாவுக்கே கேட்டோம். அங்கே இன்னொரு கூத்து. ஆதார் எடுக்க மலைக்கு வந்த பையன் அம்மாவிடம் பிறந்த தேதி கேட்டிருக்கிறான். தெரியாது என்றிருக்கிறாள். வயசு எத்தனை என்றிருக்கிறான். “நீயே பாத்து போடுப்பா” என்றிருக்கிறாள் மகராசி! அவன் நரைத்த தலையைப் பார்த்து ஐம்பத்து நாலு என்று தட்டிவிட்டான். மிஷின் அதைக் கழித்துப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டுக்கொண்டது. பாங்கில் கணக்கு தொடங்கியபோது அந்த வருஷத்துக்கு முன்னாலும் ஒரு 01.01 வந்து ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு நிஜத்தில் நாற்பத்தைந்துகூட இருக்காது. ஆனால் வேலைக்கு ஐம்பதைத் தாண்டக்கூடாது என்றுவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவள் என்பதும் சேர்ந்துகொண்டது. தம்பியோ சின்னப் பையன். மிச்சம் இருந்தது நான்தான்.

எனக்கு அப்போது காகிதப்படி பதினைந்து. பதினெட்டு முடிந்தால்தான் மனு கொடுக்கலாம். அந்த மனுவையும் அப்பா இறந்து மூன்று வருஷத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இரண்டையும் கேட்டபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிளஸ் டூ முடித்து, மேலே படிக்க வழியில்லாமல் அம்மாவோடு மரவள்ளி பிடுங்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கார்த்திகை மாதம், எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆபீசுக்குப் போனோம். இறப்புச் சான்றிதழ், சங்கராபுரத்தில் அலைந்து வாங்கிய வாரிசுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எனக்கு வேலை கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை என்று அம்மா கைநாட்டு வைத்த காகிதம், எல்லாம் இருந்தன. அந்தப் பிரிவைப் பார்க்கும் கிளார்க் அம்மாள் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காலண்டரைப் பார்த்தார்.

“ஏம்மா, உனக்கு இன்னும் பதினெட்டு முடியலியே.”

“ஜனவரி ஒண்ணாந்தேதி முடியுதுங்க மேடம்.”

“உங்கப்பா தவறினது ஜனவரி மூணு. மூணு வருசம் அன்னியோட சரி. ஒண்ணாந்தேதி கவர்மென்ட் லீவு. மூணாந்தேதி சனிக்கிழமை.” அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டாந்தேதி ஒரு நாள்தான் உனக்கு. அன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள கொண்டாந்து குடுத்துடு. வுட்டின்னா போச்சு.”

எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. ஒரே ஒரு நாள்! அதுவும் எந்தத் தேதியை இத்தனை வருஷம் வாய் ஓயாமல் திட்டினேனோ, அந்தத் தேதியால் கிடைத்த நாள். ஆடிப் பதினெட்டுதான் காகிதத்தில் இருந்திருந்தால் எனக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஏழு மாதம் ஆகும். அதற்குள் அப்பாவின் மூன்று வருஷம் முடிந்து, பல்லை இளித்துக்கொண்டு போயிருக்கும்.

இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, கோழி கூவுவதற்கு முன்பே அம்மாவும் நானும் கிளம்பிவிட்டோம். காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அதை இன்னொரு கவரில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளாத குறையாக இறுக்கிப் பிடித்திருந்தேன். ரோட்டுக்கு நடந்து வந்தால் முதல் பஸ்ஸைக் காணோம். பனி அப்படிக் கொட்டுகிறது. நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். பால்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, “பஸ்ஸா? மேல ஆக்சிலு ஒடிஞ்சி நிக்கிது. மத்தியானம் வண்டிதான் இனி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

“எங்கம்மா போற?”

“நட. வண்டி எதனா வரும். வராங்காட்டி நடந்தே போவோம்.”

“கள்ளக்குறிச்சிக்கா? பைத்தியமா உனக்கு?”

“ஆமா, பைத்தியந்தான். நீ நின்னுக்கினு இரு, உங்கப்பன் மாதிரி நாளைக்கு நாளைக்குன்னு.”

இரண்டு வளைவு இறங்கியிருப்போம். பின்னால் ஹாரன் சத்தம். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி, சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போவது. அம்மா நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள். டிரைவர் பிரேக்கை மிதித்து, தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

“யம்மா, சாவணும்னா வேற லாரியப் பாரு!”

“சாவறதுக்கு இல்லப்பா, பொழைக்கறதுக்கு. எம் பொண்ணு இன்னிக்குள்ள ஆபீசுக்குப் போவலேன்னா வேல போயிடும்.”

ஏற்றிக்கொண்டார். கேபினில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கதையைக் கேட்டதும் அவருக்கு எங்களைவிடப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. “ஒரே நாளா? இன்னா பாப்பா சொல்ற, ஒரே ஒரு நாளா!” என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். ஒவ்வொரு வளைவிலும் அம்மா குமட்டல் தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கச்சிராயபாளையம் தாண்டி டீ குடிக்க நிறுத்தலாமா என்று கிளீனர் கேட்டதற்கு, “டீ உனக்கு ஓடியா போவுது? குந்துடா” என்று டிரைவர் அதட்டினார். அவர் ஆலைக்குப் போகும் வழி வேறாக இருந்தும், கள்ளக்குறிச்சி ஊருக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். காசு கொடுக்கப் போனால் கையெடுத்துக் கும்பிட்டு, “போம்மா, போ, ஓடு” என்றார்.

ஓடினோம். நிஜமாகவே ஓடினோம். ஆபீஸில் அப்போதுதான் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

கிளார்க் அம்மாள் வந்து உட்கார்ந்ததும் நான் கவர் மேல் கவராகப் பிரித்து எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். என்னை ஞாபகம் வைத்திருந்தார். “வந்துட்டியா!” என்று அவரே சந்தோஷப்பட்டார். ஒவ்வொன்றாக எடுத்து டிக் அடித்தார். எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் எடுத்தவர், பேச்சுவாக்கில் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்ப நேத்துதான் பொண்ணுக்குப் பொறந்த நாளு. இனிப்பு செஞ்சி குடுத்தியாம்மா?”

எங்கள் மலைக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எதைக் கேட்டாலும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் குற்றம் என்று பயம். அதிலும் அம்மாவுக்கு, என் பிறந்த நாளை அவளிடம் முதல்முதலாக ஒருவர் கேட்கிறார் என்ற பெருமை வேறு. அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

“இல்லீங்க. இவ பொறந்தது ஆடிப் பதினெட்டுங்க. பொங்கல் வெச்சிக்கினு இருந்தேன், வலி எடுத்துக்கிச்சு. அவங்கப்பாதான் இஸ்கூல்ல மாசம் தெரியாம...”

நான் அம்மாவின் காலை மிதித்தேன். அவளோ என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏண்டி மிதிக்கிற?” என்று சத்தமாகக் கேட்டாள்!

கிளார்க் அம்மாளின் பேனா நின்றது. சிரிப்பும் நின்றது. சான்றிதழைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆடின்னா... அப்ப இன்னும் பதினெட்டு ஆவலியா?” என்றார் மெதுவாக. லாரி, பனி, ஓட்டம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து போனதைப் பார்த்தபடி நின்றேன். பெற்ற தாயை அந்த நிமிஷம் நான் பார்த்த பார்வையை வெளியே சொல்ல முடியாது. அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

கிளார்க் அம்மாள் காகிதங்களை அள்ளிக்கொண்டு உள்ளே சூப்பிரண்டிடம் போனார். கதவு திறந்தே இருந்தது. நாங்களும் வாசலில் போய் நின்றோம். சூப்பிரண்டு நரைத்த மீசைக்காரர், ஓய்வுபெற அதிக நாள் இல்லாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சான்றிதழை மட்டும் எடுத்துப் பார்த்தார்.

“எஸ்.எஸ்.எல்.சி.ல இன்னா போட்டிருக்கு?”

“ஜனவரி ஒண்ணு சார். ஆனா அவங்கம்மாவே...”

“அம்மா சாட்சி சொல்ல வந்தாங்களா, மனு குடுக்க வந்தாங்களா? நமக்கு சர்வீசுக்கு எஸ்.எஸ்.எல்.சி. தேதிதான். நாளைக்கு இந்தப் பொண்ணு வேலைக்கு வந்து, நான் ஆடியில பொறந்தேன், ஏழு மாசம் ஜாஸ்தியா வேல பாக்கறேன்னு சொன்னா ஒத்துக்குவமா? மாட்டோம் இல்ல? அப்ப இதுக்கும் அதே தேதிதான்.” பிறகு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். “உள்ள வாம்மா, ஏன் அழுவுற? எனக்கு சர்ட்டிபிகேட்ல ஜூன் ஒண்ணு. எங்க ஊரு வாத்தியாரு, இஸ்கூல் தொறக்கறப்ப அஞ்சு வயசு ஆவணும்னு எல்லாருக்கும் அதத்தான் போட்டாரு. எங்கம்மா சாவற வரைக்கும் நான் தையில பொறந்தவன்னு சொல்லிக்கினுதான் இருந்தாங்க. அவங்க சொன்னது அவங்களுக்கு, இது ஆபீசுக்கு. போயி சீல் போட்டு வாங்குங்க மேடம், இன்னிக்குத் தேதியில.”

அந்தச் சீல் விழுந்த சத்தம் இருக்கிறதே, டப் என்று! என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை. ஒப்புகைச் சீட்டில் அன்றைய தேதி மையில் பளபளவென்றிருந்தது. காய்கிற வரை ஊதிக்கொண்டே வெளியே வந்தேன். கிளார்க் அம்மாள் பின்னாலேயே வந்து, “நான் வாயி வுட்டு கேட்டிருக்கக்கூடாதும்மா” என்று அம்மாவின் தோளைத் தட்டினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அம்மா நேராக ஒரு பேக்கரிக்குள் போனாள். கிரீம் பன் ஒன்று வாங்கி என் கையில் வைத்தாள். எனக்கு எங்கே கோபம் நிற்கும்? பாதியைப் பிய்த்து அவள் வாயில் திணித்தேன். மென்றுகொண்டே அம்மா அழ ஆரம்பித்தாள். ஜனம் பார்க்கிறதே என்றுகூட இல்லை.

“எத்தினி வாட்டி திட்டியிருப்பேன் அந்த ஆள. ஒரு எட்டு சங்கராபுரம் போயி மாத்திக்கினு வர வக்கில்லன்னு. போயிருந்தா இன்னிக்கு இன்னாடி ஆயிருக்கும்?”

நானும் அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தன. ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம்.

வேலை உடனே வந்துவிடவில்லை. வருஷங்கள் ஓடின, நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. கடைசியில் ஆணை வந்தது. அப்பாவின் துறையில், இளநிலை உதவியாளர். சேர்ந்த அன்று என் பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி என்ற இடத்தில் 01.01 என்று எழுதி, கையொப்பம் வாங்கினார்கள். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “ஒண்ணாந்தேதி பொறந்தவங்களுக்கு ஒரு நாளு நட்டம் தெரியுமா? முந்தின மாசக் கடைசியிலயே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க, டிசம்பர் முப்பத்தொண்ணு” என்றார். போகட்டும் என்றேன். அந்தத் தேதி எனக்கு ஒரு நாளை ஏற்கெனவே கொடுத்துவிட்டது.

ஆடிப் பதினெட்டன்று இப்போதும் அம்மா பொங்கல் வைத்து, முதல் கரண்டியை எனக்குத்தான் போடுகிறாள். ஜனவரி ஒன்றாம் தேதி நான் கரியாலூர் கடைக்குப் போய்க் கிரீம் பன் வாங்கி வந்து அப்பா படத்துக்கு முன்னால் வைக்கிறேன். பொங்கல் கழித்து மாற்றிவிடலாம் என்று சொன்னாரே, எத்தனையோ பொங்கல் கழிந்துவிட்டது. நல்லவேளை, நீ இன்னும் மாத்தலப்பா.